போக ஒரு கட்டணம், வர ஒரு கட்டணம்

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையிலிருந்து தினமும் சேலை பார்சல்கள் நாடு முழுக்கப் போகின்றன. தறி வைத்திருப்பவர், மொத்தமாக வாங்கி வைத்திருப்பவர், வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பில் படம் போட்டு ஆர்டர் பிடிப்பவர் என மூன்று அடுக்கு மக்கள் இந்த வியாபாரத்தில் இருக்கிறார்கள். பார்சல் போய்ச் சேர்ந்தால் மூவருக்கும் பங்கு உண்டு. போய்ச் சேராமல் திரும்பி வந்தால் செலவு யாருடையது என்பதில்தான் சண்டை வருகிறது. வாங்குபவர் பார்சலை எடுக்காமல், அது அனுப்பியவருக்கே திரும்பி வருவதைத் தொழிலில் ஆர்டிஓ என்கிறார்கள். வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்புவது கஸ்டமர் ரிட்டர்ன். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும் சிறு வியாபாரிகள் நிறைய. அங்கேயே கணக்கு தப்பிவிடுகிறது. ஆர்டிஓவில் பொருள் பிரிக்கப்படாமல் வர வேண்டும், வாங்கியவரிடமிருந்து பணமும் வந்திருக்காது. கஸ்டமர் ரிட்டர்னில் பொருள் யாரோ ஒருவர் கையில் சில நாள் இருந்திருக்கிறது, பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் நடைமுறை அதற்கு நேர் எதிராக இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 44ஆம் பிரிவு ஒன்று உண்டு. விற்பவர் பொருளைக் கொடுக்கத் தயாராக இருந்து, எடுத்துக்கொள்ளும்படி கேட்டும், வாங்குபவர் நியாயமான காலத்துக்குள் எடுக்காவிட்டால், அதனால் ஏற்படும் நஷ்டத்துக்கும் பொருளைப் பாதுகாத்து வைத்த செலவுக்கும் வாங்குபவரே பொறுப்பு என்கிறது அது. அதற்கு முந்தைய 43ஆம் பிரிவு மறுபக்கத்தைச் சொல்கிறது. பொருளை மறுக்க வாங்குபவருக்கு உரிமை இருக்கும் இடத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதைத் திருப்பி அனுப்பும் கடமைகூட அவருக்கு இல்லை. மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும். ஆக, கேட்ட நிறத்தில் கேட்ட சேலை சொன்ன நாளில் வாசலுக்கு வந்தும் எடுக்காதவர் இரு வழிக் கட்டணத்துக்கும் பொறுப்பாளி. நீலம் கேட்டவருக்குப் பச்சை போயிருந்தால் இரு வழியும் விற்றவர் தலையில்.

ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் வாங்குபவர் ஒரு ரூபாய்கூட முன்னால் தந்திருக்க மாட்டார். இருநூறு ரூபாய் நஷ்டத்துக்காக வேறு மாநிலத்து முகவரிக்கு யாரும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தை விற்பவரின் முன்பண இருப்பிலிருந்தோ, வசூலித்துத் தர வேண்டிய தொகையிலிருந்தோ பிடித்துக்கொள்கிறது. சட்டப்படி பொறுப்பாளி ஒருவர், கட்டுபவர் இன்னொருவர். கணக்கை ஆழமாகப் போட்டுப் பார்த்தால் மூன்றாவது ஆள் ஒருவர் தெரிகிறார். அவர்தான், பார்சலை மறுக்காமல் காசு கொடுத்து வாங்கிக்கொண்ட வாடிக்கையாளர்.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, ஒவ்வொருவரும் தங்கள் கூரியர் ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். சேலையின் அடக்கவிலை 600, விற்பனை விலை 900. அனுப்பும் கட்டணம் ஜிஎஸ்டியோடு 80 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரிக்கு வசூல் கட்டணம் 35. கவர், ஸ்டிக்கர், டேப் எல்லாம் 15. சேலை வாங்கப்பட்டுவிட்டால் கையில் நிற்பது 170 ரூபாய்.

அதே சேலை திரும்பி வந்தால், வசூல் நடக்காததால் வசூல் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வரவாகிவிடும். இதை மட்டும் அவரவர் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். போன கட்டணம் 80, வந்த கட்டணம் 70, வீணான கவர் 15, ஆக 165. திரும்ப மடித்து, தேய்த்து, புதுக் கவர் போட 20. ஐந்தில் ஒரு சேலை முழு விலைக்குப் போகாது, 200 ரூபாய் குறைத்துத்தான் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அதன் பங்கு ஒரு பார்சலுக்கு 40. மொத்தம் 225 ரூபாய். ஒரு சேலை விற்றால் 170 லாபம், ஒரு சேலை திரும்பினால் 225 நஷ்டம். ஒரு ரிட்டர்ன் ஒரு விற்பனையின் லாபத்தை முழுதாகத் தின்றுவிட்டு இன்னொன்றிலும் கை வைக்கிறது.

நூறு பார்சலில் 25 திரும்பினால், 75 விற்பனையின் 12,750 ரூபாயிலிருந்து 5,625 போய் 7,125 மிஞ்சும். அந்த 5,625ஐ வாங்கிக்கொண்ட 75 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 75 ரூபாய். ‘ஃப்ரீ டெலிவரி’ என்று எழுதிய விலைக்குள் இந்த 75 இருக்க வேண்டும். வாங்கியவர்தான் வாங்காதவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார் என்பது இதனால்தான்.

பலர் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பரவாயில்லை, லாபம்தான் என்று நினைக்கிறார்கள். அவர்கள் விடுவது விளம்பரச் செலவை. இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ விளம்பரம் போட்டு ஒரு ஆர்டருக்கு 60 ரூபாய் செலவானால், அந்தச் செலவு ஆர்டர் விழுந்த அன்றே போய்விடுகிறது. பார்சல் சேர்ந்ததா திரும்பியதா என்று விளம்பர நிறுவனம் கேட்பதில்லை. நூறு ஆர்டருக்கு 6,000 ரூபாய். மிஞ்சியிருந்த 7,125ல் இப்போது நிற்பது 1,125. இந்தக் கணக்கில் நூற்றுக்கு 28 பார்சல் திரும்பினால் வியாபாரம் நஷ்டத்தில் இறங்கிவிடும். விளம்பரம் இல்லாமல் போட்டிருந்தால் அந்தக் கோடு 43ல் தெரிந்திருக்கும். 30 ரிட்டர்ன் வரும் மாதத்திலும் லாபத்தில் ஓடுகிறோம் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருப்பது இந்த இடைவெளியில்தான்.

பணம் முடங்குவது இன்னொரு பக்கம். போக நாலைந்து நாள், வாசலில் மூன்று முயற்சிக்கு மூன்று நாள், திரும்பி வர ஒரு வாரம் பத்து நாள் என்று பார்த்தால் ஒரு சேலை மூன்று வாரம்வரை கைக்கு எட்டாமல் சுற்றுகிறது. 25 சேலை என்றால் 15,000 ரூபாய் முதல். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அனுப்பிய பார்சல் மறுக்கப்பட்டால் அது தீபாவளி முடிந்துதான் வரும். அந்தச் சேலைக்கு அழுக்கும் இல்லை, கிழிசலும் இல்லை. ஆனால் அதன் பருவம் போய்விட்டது. பண்டிகை வியாபாரம் செய்கிறவர்கள் கேஷ் ஆன் டெலிவரிக்கு ஒரு கடைசி நாள் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு முன்பணம் கட்டிய ஆர்டரை மட்டும் எடுப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். என்னைக் கேட்டால், சிறு வியாபாரி எடுக்கக்கூடிய முடிவுகளில் செலவே இல்லாத நல்ல முடிவு இது.

கட்டணம் எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைக் குறைக்க முடியாது. கூரியர்கள் நிஜ எடையையும் கன அளவு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குகின்றன. நீளம் × அகலம் × உயரம், எல்லாம் சென்டிமீட்டரில், அதை 5000ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சாதாரணமாக அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கட்டணம் ஏறும். கவரில் வைத்த சேலை 480 கிராம் இருந்தால் முதல் அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். அதே சேலையை அழகுக்காக 30 × 25 × 6 அட்டைப் பெட்டியில் வைத்தால் 4500ஐ 5000ஆல் வகுத்து 0.9 கிலோ. இரண்டாவது அரைக் கிலோவுக்கான கட்டணமும் விழும். போகும்போது விழுந்தது திரும்பும்போதும் விழும். பரிசுப் பெட்டி கேட்பவர்களுக்குத் தனிக் காசு வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கவரில் அனுப்புவதே முறை. பார்சலைத் தராசில் வைத்து எடை தெரியும்படி ஒரு படம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்து வைக்கும் பழக்கமும் வேண்டும். கூரியர் பின்னால் எடை கூட்டிப் போட்டால் மறுக்க அதுதான் சாட்சி. அந்தக் கூடுதல் எடை திரும்பும் பயணத்துக்கும் சேர்த்தே ஏறியிருக்கும் என்பதால் இரண்டு வரிகளையும் பார்க்க வேண்டும்.

திரும்புகிற பார்சல்கள் எல்லாம் வாங்குபவர் மறுத்தவை அல்ல. பார்சல் சேராத அன்று கூரியர் ஒரு காரணம் பதிவு செய்யும். ஆள் இல்லை, முகவரி போதவில்லை, போன் எடுக்கவில்லை, வேறு நாள் கேட்டார், மறுத்துவிட்டார் என்று நாலைந்து காரணங்கள். இதில் ‘ஆள் இல்லை’ என்பதைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஒரே ஊருக்குப் போன ஐந்தாறு பார்சலுக்கும் இரவு ஒன்பதரைக்கு மேல் சில நிமிட இடைவெளியில் ‘ஆள் இல்லை’ என்று பதிவானால், வண்டி அந்தத் தெருக்களுக்குப் போகவே இல்லை, நாள் முடிவில் உட்கார்ந்து கணக்கை மூடியிருக்கிறார்கள் என்று கொள்ள இடமுண்டு. டெலிவரி பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாளில் கொடுக்க முடியாத எண்ணிக்கையை அவர் பையில் ஏற்றிவிட்டிருப்பார்கள். அன்று மாலையே வாங்குபவருக்கு ஒரு போன் போட்டு, அழைப்பு வந்ததா என்று கேட்டு, வரவில்லை என்றால் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் படத்தோடு மறுமுயற்சி கேட்க வேண்டும். இதற்குக் கூரியர்கள் தரும் அவகாசம் குறுகியது. அடுத்த நாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், திரையில் RTO Initiated என்று மாறிவிடும். மாறிவிட்டால் பெரும்பாலும் திருப்ப முடியாது. ஒரு நிமிடப் போனில் 225 ரூபாய் காப்பாற்றும் வேலை இது. ஆனால் தினமும் ஒருவர் பெயரில் அந்த வேலை இருக்க வேண்டும்.

முகவரி போதாமல் திரும்புவதைப் பார்சல் போகும் முன்னாலேயே நிறுத்தலாம். கிராமத்து முகவரியில் கதவு எண் இருக்காது. ரேஷன் கடை எதிரில், மாரியம்மன் கோயில் பின்புறம் என்று அடையாளம் கேட்டு எழுதினால் பார்சல் சேரும். அடிக்கடி திரும்புகிறது என்று சில பின்கோடுகளையே மூடிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பின்கோட்டில் மறுப்பவர்கள் அதிகமா, கூரியர் போகாமல் விடுவது அதிகமா என்று காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூரியர் போகாத ஊராக இருந்தால் தபால்காரர் போகிற ஊராக இருக்கும். முன்பணம் வாங்கி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் சேரும்.

இனித் திரும்பி வந்த பார்சல். கூரியர் ஆள் ஒரு சாக்கில் பத்துப் பதினைந்து பார்சலைக் கொண்டுவந்து கொட்டி, ஓடிபி கேட்டு அவசரப்படுத்துவார். ஓடிபி சொன்னாலோ கையெழுத்துப் போட்டாலோ நல்ல நிலையில் வாங்கிக்கொண்டதாக அர்த்தம். அதற்கு முன் ஒவ்வொரு பார்சலின் வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாம் ஒட்டிய டேப்புக்கு மேல் வேறு நிற டேப் ஓடுகிறதா, கவரின் அடிமடிப்பில் பிளேடு வெட்டு இருக்கிறதா, லேபிள் ஓரம் தூக்கி மறுபடி ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். பிறகு தராசு. 480 கிராம் போன பார்சல் 310 கிராமாக வந்தால் உள்ளே இருப்பது நம் சேலை இல்லை. சேலைக்குப் பதில் பழந்துணியும் சோப்புக் கட்டியும் வருவது இந்தத் தொழிலில் கேள்விப்படாத கதை அல்ல. சந்தேகம் உள்ள பார்சலை வாங்காமல் விடலாம், அல்லது ரசீதில் சேதம் என்று எழுதி வாங்கலாம்.

பிரிக்கும்போது வீடியோ எடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளிருக்கும் பொருளைத்தான் எடுக்கிறார்கள். வழக்கு நிற்பது வெளியே இருப்பதில். லேபிளின் ஏர்வே பில் எண் தெளிவாகத் தெரிந்து, ஆறு பக்கமும் திருப்பிக் காட்டி, தராசில் வைத்து, அங்கிருந்து நிறுத்தாமல் பிரித்து, சேலையை முழுதாக விரித்துக் காட்டுகிற ஒரே ஓட்டமாக அது இருக்க வேண்டும். நடுவில் ஒரு வெட்டு இருந்தால் அந்த வீடியோவை ஏற்க மாட்டார்கள். பார்சல் கைக்கு வந்து ஓரிரு நாளுக்குள் புகார் போட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. மூலையில் குவித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பிரிப்பவர்கள் அந்த உரிமையை வாரா வாரம் இழக்கிறார்கள்.

பிரித்த சேலையை எந்தக் குவியலில் வைப்பது என்பது அடுத்த முடிவு. உறை உடையாமல் வந்தது நேரே அலமாரிக்குப் போகும் என்று நினைக்கக் கூடாது. மழைக்காலத்தில் கிடங்கில் கிடந்த பார்சலுக்குள் வெளியே தெரியாமல் ஈரம் ஏறியிருக்கும். முகர்ந்து பார்த்தால் புழுக்க வாடை வரும். ஜரிகை ஓரம் மங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மூன்று வாரம் அழுந்திக் கிடந்த மடிப்பு கோடாக நிற்கும், அதை மாற்றி மடித்துத் தேய்க்க வேண்டும். கஸ்டமர் ரிட்டர்னாக இருந்தால் இன்னும் மூன்று இடம் பார்க்க வேண்டும்: பிளவுஸ் துண்டு வெட்டாமல் இருக்கிறதா, ஃபால்ஸ் தைத்துப் பிரித்த ஊசித் துளை இருக்கிறதா, முந்தானையில் பவுடர் வாடையோ எண்ணெய்க் கறையோ இருக்கிறதா. உடுத்த வேண்டுமென்றால் கழற்றியே ஆக வேண்டிய இடத்தில் ஒரு முத்திரை டேக் போட்டு அனுப்பியிருந்தால் பாதிச் சண்டை குறையும்.

சரிபார்த்த பிறகுதான் இருப்பில் ஏற்ற வேண்டும். இங்கே நடக்கும் தவறு நுணுக்கமானது. திரையில் RTO Initiated என்று வந்ததும் ஆர்டரை ரத்து செய்கிறார்கள். ரத்து செய்யும்போது பொருளை இருப்பில் சேர்க்கும் கட்டம் டிக் ஆகியிருக்கிறது. சேலை இன்னும் நாக்பூரில் ஒரு கிடங்கில் இருக்கிறது, கடையில் ஒன்று இருப்பதாக இணையதளம் காட்டுகிறது, இன்னொருவர் பணம் கட்டிவிடுகிறார். ஒரே ஒரு பீஸ் உள்ள டிசைன்களில் இது கண்டிப்பாக நடக்கும். RTO Delivered ஆன பிறகும் ‘சோதனையில்’ என்று தனி அடுக்கு ஒன்று வேண்டும். சோதனை முடிந்த சேலை மட்டும் விற்பனை இருப்புக்கு வரட்டும்; கறைபட்டது தள்ளுபடிக் கணக்குக்குப் போகட்டும்; மாறி வந்தது புகார் முடியும்வரை பிரித்த கவரோடு அப்படியே கிடக்கட்டும்.

சரி, அந்த இரு வழிக் கட்டணத்தை எடுக்காதவரிடமே வாங்க வழி உண்டா? உண்டு, ஆர்டர் எடுக்கும்போதே. பகுதி முன்பணம் என்பது இப்போது பரவிவரும் முறை. 900 ரூபாய் சேலைக்கு 150 முன்னால், மீதி 750 வாசலில். எடுக்காவிட்டால் 150 போய்வந்த கட்டணத்துக்கு ஈடு. இதைக் கேட்டதும் ஆர்டர் குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். குறையத்தான் செய்யும். அதே விளம்பரச் செலவில் நூறுக்குப் பதில் 70 ஆர்டரே வந்து, அதில் 5 மட்டும் திரும்புவதாகக் கணக்கிட்டால், 65 விற்பனைக்கு 11,050. திரும்பிய ஐந்துக்கு 225ல் 150 ஈடாகி, தலைக்கு 75 வீதம் 375 நஷ்டம். விளம்பரம் 6,000 போக நிற்பது 4,675. நூறு ஆர்டர் வந்த மாதத்தில் நின்றது 1,125. ஆர்டர் எவ்வளவு குறைந்தாலும் தாங்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்தக் கணக்கில், அதே விகிதத்தில் திரும்பினால், 47 ஆர்டருக்குக் கீழே போனால் பழைய நிலையே தேவலாம் என்றாகிவிடும். அதனால் ஒரு மாதம் சில டிசைன்களுக்கு மட்டும் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பது உட்பட ரிட்டர்ன் நிபந்தனைகளைத் தெளிவாகத் தெரியப்படுத்தச் சொல்கின்றன. பணம் கட்டும் இடத்திலேயே, வாங்குபவர் மொழியில், ‘பார்சலை எடுக்காவிட்டால் இந்த 150 கூரியர் செலவுக்குப் போகும்’ என்று இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தால் போதாது. இரண்டாவது, பிழை விற்பவருடையதாக இருக்கக் கூடாது. குறையுள்ள பொருள், படத்தில் காட்டியது போல் இல்லாத பொருள், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருள் ஆகியவற்றைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. ‘ஓப்பனிங் வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் இல்லை’ என்று எல்லாக் குழுக்களிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வீடியோ நல்ல சாட்சி. ஆனால் வாங்கியவரிடம் வீடியோ இல்லை என்பதற்காக, நாமே அனுப்பிய கிழிந்த சேலையை எடுக்க மாட்டேன் என்பது விதியையும் மீறுகிறது, நியாயத்தையும் மீறுகிறது. பார்சல் கட்டும் முன் சேலையை விரித்து நாம் ஒரு வீடியோ எடுத்து வைத்தால் அந்த வாதமே வேண்டியதில்லை.

ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்குச் சில வரிகள். கூரியர் கட்டணத்தின் மேல் 18 சதவீத வரி உண்டு. முறையான பதிவில் இருப்பவர் போன வழி, வந்த வழி இரண்டின் வரியையும் உள்ளீட்டு வரவாக எடுக்கலாம்; காம்போசிஷனில் இருப்பவரும் பதிவில்லாதவரும் எடுக்க முடியாது, அவர்களுக்கு அது முழுச் செலவு. திரும்பிய சேலைக்கு 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் போட்டால்தான் கட்டிய விற்பனை வரி குறையும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 அதற்கான கடைசிக் கெடு, ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன்பே போட்டுவிட்டால் அந்த நாளே கெடு. ரிட்டர்ன் பதிவேட்டில் ஏர்வே பில் எண்ணோடு இன்வாய்ஸ் எண்ணையும் எழுதி வைத்தால் இந்த வேலை எளிது.

சந்தைத் தளங்களில் விற்பவர்களுக்குக் கணக்கு வேறு. வாசலில் மறுக்கப்பட்டுத் திரும்பும் பார்சலுக்கு விற்பவரிடம் கட்டணம் பிடிக்காமல், கஸ்டமர் ரிட்டர்னுக்கு மட்டும் பிடிக்கும் முறை அங்கே பரவலாக உண்டு. அங்கே ரிட்டர்ன் எந்த வகையாகப் பதிவாகிறது என்பதே பணம். பிரிக்காமல் வந்த பார்சல் கஸ்டமர் ரிட்டர்ன் வரியில் ஏறியிருந்தால் உடனே கேட்க வேண்டும்.

கடைசியாக, இளம்பிள்ளை வகை வியாபாரத்துக்கே உரிய சிக்கல். வீட்டிலிருந்து விற்கும் ரீசெல்லர் அக்கா ஆர்டர் பிடிக்கிறார். பார்சல் மொத்த வியாபாரியின் கடையிலிருந்து போகிறது. லேபிளில் ‘அனுப்புநர்’ என்று அக்காவின் பெயரும் போன் எண்ணும் இருக்கும், திரும்பி வரும் முகவரி கடையுடையதாக இருக்கும். கூரியர் ஆள் கூப்பிடுவது அக்காவை. கட்டணம் பிடிப்பது கடையின் கணக்கில். மறுத்தவரைத் தெரிந்தவர் அக்கா மட்டும். ஒரு சேலைக்கு அவருக்கு நிற்பது ஐம்பது நூறு. அவர் பிடித்த ஆர்டர் திரும்பினால் 150 ரூபாய் கூரியர் செலவை மொத்தமாக அவர் தலையில் கட்டுவது இப்போது பல இடங்களில் வழக்கம். கடைக்காரர் சேலையைத் திரும்பப் பெற்று மறுபடி விற்றுவிடுகிறார். அக்காவுக்கு இரண்டு ஆர்டரின் வருமானம் போய்விடுகிறது.

இதைக் காரணத்தின்படி பிரிப்பதே நியாயம். வாங்குபவர் மறுத்ததும் போன் எடுக்காததும் ஆர்டர் பிடித்தவரின் பக்கம். அதற்கு முன்பணம் வாங்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், அந்த முன்பணமே கட்டணத்துக்கு ஈடாக வேண்டும். மாற்றி அனுப்பியது, பிந்தி அனுப்பியது, பெட்டியில் போட்டு எடை ஏற்றியது கடையின் பக்கம். வண்டி போகாமலே ‘ஆள் இல்லை’ என்று பதிவானது கூரியரின் பக்கம். அதைக் கேட்டுப் பெற வேண்டியவர் கூரியர் ஒப்பந்தம் வைத்திருக்கும் கடைக்காரர், ஏனென்றால் அக்காவுக்கு அந்தத் திரையே தெரியாது. குறைந்தபட்சம், எந்தப் பார்சல் என்ன காரணத்தில் திரும்பியது என்று கூரியர் திரையில் பதிவான வரியை, பதிவான நேரத்தோடு, அன்றன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும்; அதன் பிறகுதான் அவர் கணக்கில் கட்டணம் எழுத வேண்டும்.